பக்கம் எப்போது செய்யப்படுகிறது?

கோவையில் ஒரு சிறு நிறுவனம் இணையதளம் அமைக்க கொட்டேஷன் கேட்டால், வருகிற தாளில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். ஸ்டாட்டிக் வெப்சைட் என்று ஒரு விலை, அதற்குக் கீழே டைனமிக் வெப்சைட் என்று அதைவிட அதிகமான இன்னொரு விலை. விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. அதனால் கொஞ்சம் வசதி இருப்பவர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். முகப்பில் படங்கள் மாறி மாறி ஓடுவதைத்தான் டைனமிக் என்கிறார்கள் என்று நினைத்து அதைக் கேட்பவர்களும் உண்டு. உண்மையில் அந்தப் படங்களை ஓட்டுவது பார்ப்பவரின் உலாவி. ஸ்டாட்டிக் தளத்திலும் அவை அப்படியே ஓடும். இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு திரையில் தெரியாத இடத்தில் இருக்கிறது. வாசகர் பார்க்கும் பக்கம் எப்போது செய்யப்படுகிறது என்பதே அந்த வேறுபாடு. உரிமையாளர் அதை மாற்றும்போது ஒரு முறை செய்யப்படுகிறதா, அல்லது யாராவது பார்க்க வரும்போதெல்லாம் புதிதாகச் செய்யப்படுகிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் வேகம், செலவு, பாதுகாப்பு, ஆயுள் ஆகியவை பற்றிய மற்ற விடைகள் அதன் பின்னாலேயே வந்துவிடும். அதைப் பார்த்தபின், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே மாறும் ஒரு தொழிற்கூடத்தின் பக்கத்துக்கு விலை குறைந்த வரியே பொருத்தமானது என்பதும் தெளிவாகும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கணபதியிலோ பீளமேட்டிலோ வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். புவிசார் குறியீடு பெற்ற கோவையின் சரக்கு இது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், உள்ளூர் மோட்டார், எவர்சில்வர் டிரம் என்று சுற்றுவட்டாரத்திலேயே உருவாகும் பொருள். அந்த நிறுவனத்தின் தளத்தில் ஐந்து பக்கங்கள் போதும். முகப்பு, நிறுவனத்தைப் பற்றி, இரண்டு லிட்டர் டேபிள் டாப் முதல் ஓட்டல்களுக்கான பெரிய டில்டிங் வகை வரை மாடல்களின் பட்டியல், சர்வீஸ் விவரம், தொடர்பு முகவரி. இவற்றில் என்ன மாறும்? புது மாடல் வந்தால் ஒரு படமும் நான்கு வரிகளும் சேரும். போன் எண் எப்போதாவது மாறும். விலை மாறும்தான், ஆனால் டீலருக்கு ஒன்று, நேரில் வருபவருக்கு ஒன்று என்று இருப்பதால் பல நிறுவனங்கள் விலையைத் தளத்தில் போடுவதே இல்லை. ஆக, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று திருத்தங்கள். பார்ப்பவர்களோ, நாளுக்கு ஐம்பது பேர் என்று வைத்தால்கூட, ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் பேருக்கு மேல்.

ஸ்டாட்டிக் தளத்தை இனி நிலைத்தளம் என்றே சொல்வோம். இதில் அந்த ஐந்து பக்கங்களும் ஐந்து கோப்புகள். முகப்புக்கு `index.html`, தொடர்புக்கு `contact.html`, இப்படி. திண்டுக்கல்லில் ஒருவர் தன் கைபேசியில் அந்த முகவரியைத் தட்டினால், முதலில் அந்தப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று பெயர்ப்பதிவுகளில் தேடப்படும். பிறகு அந்தக் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, இந்தக் கோப்பைக் கொடு என்று ஒரு கோரிக்கை போகும். சர்வர் தன் வட்டில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவிடும். எந்தக் கணக்கும் போடாது, எந்த முடிவும் எடுக்காது. 1991-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்துவிட்ட முதல் இணையதளம் இப்படித்தான் இயங்கியது. இந்த எளிமையில் ஒரு நுட்பமான பலன் உண்டு. கோப்பு எப்போது கடைசியாக மாறியது என்று சர்வருக்கு இயல்பாகவே தெரியும், அதைப் பதிலோடு சேர்த்துச் சொல்லும். இப்படி ஒரு தளத்தைக் கேட்டால்

```
$ curl -I https://example.com/
HTTP/2 200
content-type: text/html; charset=utf-8
last-modified: Tue, 14 Jan 2025 05:10:22 GMT
```

என்பதுபோல ஒரு விடை வரும். அதே ஆள் அடுத்த வாரம் திரும்பி வரும்போது அவருடைய உலாவி, இந்தத் தேதிக்குப் பிறகு பக்கம் மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்க முடியும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். பக்கம் மறுபடி பயணப்படவே தேவையில்லை. அபூர்வமாக மாறும் பக்கத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை.

டைனமிக் என்று விற்கப்படும், தரவுத்தளம் சார்ந்த தளத்தில் அந்த ஐந்து பக்கங்கள் எங்கும் பக்கங்களாக இல்லை. தலைப்புகள் ஓர் அட்டவணையின் ஒரு பத்தியிலும், உள்ளடக்கம் இன்னொரு பத்தியிலும், மெனு வேறொரு அட்டவணையிலும், தளத்தின் பெயரும் அமைப்புகளும் மற்றோர் அட்டவணையிலும் கிடக்கும். யாராவது வந்து கேட்கும்போது ஒரு நிரல் விழித்தெழுந்து, எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது என்று முகவரியிலிருந்து ஊகித்து, தரவுத்தளத்திடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டு, வந்த விடைகளை வார்ப்புருவில் பொருத்தி, ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை நெய்து அனுப்பும். இந்த முறை 1990-களின் நடுவில் வளர்ந்தது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் உருவாக்கிய பிஎச்பி, 1995-ல் வந்த மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் ஆகிய இரண்டும் சேர்ந்து இதை மலிவாக்கின. 2003 மே மாதம் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் இதே இரண்டின் மேல் நிற்கிறது. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்குக் குறையாமல் அதில்தான் ஓடுகின்றன. நம் கிரைண்டர் பக்கம் வேர்ட்பிரஸில் இருந்தால், பக்கத்தைக் கேட்டவுடன் போகும் கேள்விகளில் ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
SELECT post_title, post_content
FROM wp_posts
WHERE post_name = 'table-top-2-litre'
  AND post_status = 'publish';
```

இது ஒன்று. மெனுவுக்கு, அமைப்புகளுக்கு, படங்களுக்கு, போட்டு வைத்த ஒவ்வொரு பிளகினுக்கும் என்று ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது கேள்விகள் போவது சாதாரணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நொடியில் மிகச் சிறிய பங்கில் முடிந்துவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆண்டுக்கு இரண்டு முறை மாறும் ஒரு பக்கத்துக்காக இந்த வேலை பதினெட்டாயிரம் முறை நடக்கிறது. பதினெட்டாயிரம் முறையும் ஒரே கேள்விக்கு ஒரே விடை வந்து, ஒரே பக்கம் உருவாகிறது. கல்யாணப் பத்திரிகையை மொத்தமாக அச்சடித்து வைக்காமல், ஒவ்வொரு விருந்தினரும் வாசலுக்கு வந்தபின் அவர் கண்முன் கையால் எழுதித் தருவது போன்றது இது. எழுதித் தருவதில் பிழை இல்லை. ஆனால் விருந்தினருக்கு விருந்தினர் ஏதாவது மாறினால்தான் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

அப்படி மாறும் இடங்கள் கொங்கு நாட்டிலேயே எத்தனையோ இருக்கின்றன. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் வேறு வேறு விலை. ஏலம் நடக்கும் ஒவ்வொரு நாளும் குறைந்த விலை, அதிக விலை, வந்த மூட்டைகள் என எல்லாமே மாறும். நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலைகளைத் திரட்டித் தரும் அரசின் அக்மார்க்நெட் தளத்தில் விளைபொருள், மாநிலம், சந்தை, தேதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து விலையைப் பார்க்கலாம். இந்தச் சேர்க்கைகள் எண்ணிலடங்காதவை. அவை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு கோப்பு செய்து வைப்பது வீண், கேட்கும்போது தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தருவதே அறிவு. ரயில் டிக்கெட் முன்பதிவு இதற்கும் ஒரு படி மேலே. சேரன் எக்ஸ்பிரஸில் ஒருவர் ஒரு படுக்கையை எடுத்தால், அந்த நொடி முதல் மற்ற எல்லாருக்கும் அந்தப் படுக்கை இல்லை என்று தெரிய வேண்டும். தரவுத்தளம் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. இங்கிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஒரு பார்வையாளர் தளத்தில் செய்யும் செயலால், அடுத்த பார்வையாளர் பார்ப்பது மாற வேண்டுமா? அல்லது கேட்பவரைப் பொறுத்து விடை வேறுபட வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் தரவுத்தளம் தேவை. கிரைண்டர் நிறுவனத்தின் ஐந்து பக்கங்களுக்கு இரண்டுக்குமே இல்லை என்பதுதான் விடை. திண்டுக்கல்காரரும் துபாய்க்காரரும் அதே டில்டிங் கிரைண்டரின் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரே தளத்துக்குள்ளேயே இந்த இரண்டு தேவைகளும் அருகருகே இருந்து, இரண்டின் குணமும் உலகறிய வெளிப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான healthcare.gov 2013-ல் புதிதாக அமைக்கப்பட்டது. காப்பீடு என்றால் என்ன, யாருக்குத் தகுதி என்று விளக்கும் தகவல் பக்கங்களை ஜெகில் என்ற கருவியைக் கொண்டு முன்கூட்டியே கோப்புகளாகச் செய்து வைத்தார்கள். கணக்குத் தொடங்குவது, வருமானத்தைச் சரிபார்ப்பது, திட்டங்களை ஒப்பிடுவது ஆகியவை தரவுத்தளங்களோடு பேசும் தனி அமைப்பு. அக்டோபர் 1 அன்று கூட்டம் திரண்டபோது திணறியது இந்த இரண்டாவது பகுதி. அதற்காக அந்தப் பகுதியையும் நிலைத்தளமாகச் செய்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, அதன் வேலைக்குத் தரவுத்தளம் இன்றியமையாதது. விளக்கப் பக்கங்களை அந்தச் சிக்கலில் கோக்காமல் தனியே வைத்ததுதான் அங்கே எடுக்கப்பட்ட சரியான முடிவு. கோவைப் பட்டறைக்கு இருப்பதோ அந்த விளக்கப் பக்கங்கள் மட்டுமே.

இவ்வளவு சிறிய தளத்துக்குக் கூட்ட நெரிசல் எங்கே வரப்போகிறது, பதினெட்டாயிரம் முறை வேலை நடந்தால்தான் என்ன, கணினிக்குத்தானே களைப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாளுக்கு ஐம்பது பேரைத் தாங்காத தரவுத்தளம் எதுவும் இல்லை. வேகத்தை மட்டும் வைத்து வாதாடினால் என் கட்சி பலவீனமானது. வலுவான காரணம் பராமரிப்பு. கோப்பு ஒன்று சும்மா கிடந்தால் அது சும்மாவே கிடக்கும். நிரல் ஒன்று சும்மா கிடந்தால் அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடும். பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நிறுத்தப்பட்டன. அதற்கு முன், 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, தரவுத்தளத்தோடு பேச அதுவரை பலரும் பயன்படுத்திவந்த `mysql_connect` என்ற கட்டளையையும் அதன் கூட்டத்தையும் அடியோடு நீக்கிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் தன் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும். அன்று காலை, உரிமையாளர் எதையும் தொடாமலேயே, தளம் வெற்றுத் திரையாகிவிடும். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே தரவுத்தள சர்வரை நூற்றுக்கணக்கான தளங்கள் பயன்படுத்தும். அது தடுமாறினாலோ கடவுச்சொல் மாறினாலோ, வாசகர் பார்ப்பது `Error establishing a database connection` என்ற ஒற்றை வரியை. கிரைண்டர் வாங்க வந்தவருக்கு அது கடை மூடிவிட்டதாகத்தான் படும்.

இதைவிடக் கடுமையானது ஊடுருவல். நம் சின்னத் தளத்தை யார் குறிவைப்பார்கள் என்று உரிமையாளர்கள் நினைப்பது தவறு, ஏனென்றால் இந்தத் தாக்குதல்களை நடத்துவது ஆட்கள் அல்ல. தானியங்கி நிரல்கள் முகவரி முகவரியாகப் போய், வேர்ட்பிரஸின் நுழைவாயிலான `wp-login.php` இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கின்றன. எந்தத் தளத்தின் வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் இந்தத் தட்டல்கள் தெரியும், வேர்ட்பிரஸே இல்லாத தளங்களிலும்கூட. 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 என்ற திருத்தம் வெளியானது. முந்தைய இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஒரு பதிவின் உள்ளடக்கத்தை மாற்றும்படி ஓர் ஓட்டை இருந்தது. எல்லோரும் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் தந்து, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 1 அன்றுதான் அந்த ஓட்டையின் விவரத்தை அறிவித்தார்கள். ஆனாலும் அடுத்த சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. பலியானவை பெரும்பாலும் பராமரிப்பார் இல்லாமல் புதுப்பிக்கப்படாத தளங்கள். அபூர்வமாக மாறும் பக்கத்தின் உரிமையாளர் அதன் நிர்வாகப் பகுதிக்குள் அபூர்வமாகத்தான் நுழைவார். எனவே மிகக் குறைவாக மாறும் தளமே மிக அதிகமாகப் பழுதடையக் கிடக்கும் தளமாகிறது. ஊடுருவியவர்கள் பல நேரங்களில் முகப்பைத் தொடுவதில்லை. உள்ளுக்குள் ஜப்பானிய மொழியில் போலிப் பொருள்கள் விற்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒளித்துவைக்கிறார்கள். முகப்பு பழையபடியே இருப்பதால் உரிமையாளருக்குத் தெரிய வழியில்லை. கூகுளில் `site:` என்று தட்டி, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடினால் தெரிந்துவிடும். ஐந்து பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அறியாத எழுத்துகளில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வந்தால் தளம் கைமாறிவிட்டது என்று பொருள். நிலைத்தளம் முழுக் கவசம் அல்ல. கோப்புகளை ஏற்றும் கடவுச்சொல் திருடு போனால் அதையும் மாற்றி எழுதிவிடலாம். ஆனால் உலகம் முழுக்கத் தட்டக்கூடிய ஒரு கதவு அதில் இல்லை, திறப்பதற்கு உள்ளே ஓடும் நிரலும் இல்லை.

தமிழில் தளம் வைப்பவர்களுக்கு இன்னொரு துயரமும் இதில் உண்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். கோயம்புத்தூர் என்ற சொல்லில் எழுத்துகளும் உயிர்க்குறிகளும் புள்ளிகளுமாகப் பதின்மூன்று குறியீடுகள், ஆக முப்பத்தொன்பது பைட்டுகள். கோப்பில் எழுதினால் அவை அப்படியே கோப்பில் இருக்கும், அப்படியே வாசகரிடம் போகும். தரவுத்தளத்திலோ ஒவ்வோர் அட்டவணைக்கும் ஓர் எழுத்துத் தொகுதி குறிக்கப்பட்டிருக்கும். 2018-ல் எட்டாம் பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல்லில், யாரும் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்தத் தொகுதி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 தான். அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஒரு பைட்டை ஓர் எழுத்தாக அது எண்ணுவதால், த என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளும் `à®¤` என்று மூன்று அந்நிய உருக்களாக வெளிவரும். இதையாவது திறமையுள்ள ஒருவர் மீட்டுவிடலாம், பைட்டுகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஹோஸ்டிங் மாற்றும்போது ஒரு படியில் தமிழ் எழுத்துகளை லத்தீன்-1-க்கு உண்மையாகவே மாற்ற முயன்றால், பொருந்தாத ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். நிறுவனத்தின் ஐம்பது ஆண்டு வரலாறு ???? என்று நிற்கும். பழைய நகல் கையில் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எதையும் மீட்க முடியாது, மூலம் அழிந்தே போயிற்று.

கோப்புகள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் தமிழிலேயே சான்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த தமிழ் நூல்களை எளிய எச்டிஎம்எல் கோப்புகளாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் வைத்திருக்கிறது. `pmuni0001.html` என்ற கோப்பைத் திறந்தால் திருக்குறள். அந்தக் கோப்புகளை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டுமானால் நகலெடுத்தால் போதும், எந்த நிரலையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் இதே திட்டம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. தொடக்க காலத்தில் அதன் நூல்கள் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் இருந்தன, அதற்கான எழுத்துரு கணினியில் இருந்தால்தான் படிக்க முடியும். யூனிகோடு பரவியபின் அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. கோப்பு என்பதாலேயே அழியாது என்றில்லை. எல்லோரும் ஏற்ற திறந்த வடிவத்தில் இருந்தால்தான் அது நிற்கும். ஃபிளாஷில் செய்த முகப்புகள் எல்லாம், நிலைத்தளங்களில் இருந்தவையும் சேர்த்து, 2020 இறுதியில் அடோபி அதைக் கைவிட்டபோது செத்துப்போயின.

எதிர்வாதங்களில் முதலாவதும் நியாயமானதும் இது: வேர்ட்பிரஸில் உரிமையாளரே உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம், நிலைத்தளத்தில் ஒவ்வொரு முறையும் தெரிந்தவரைத் தேட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை திருத்துபவருக்கு இது தீர்மானகரமான காரணம்தான். துணிக்கடை, தினம் ஒரு மெனு போடும் மெஸ், தேர்வு அட்டவணை வெளியிடும் பள்ளி ஆகியவற்றுக்கு நான் நிலைத்தளத்தைக் கையால் எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை உள்ளே போகிறவருக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது, திரையின் அமைப்பும் இடையில் மாறியிருக்கும், திறந்தவுடன் பதினொரு பிளகின்களைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு நிற்கும், புதுப்பித்தால் ஏதாவது உடையுமோ என்ற பயமும் வரும். கடைசியில் அவரும் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார். போன் எண்ணை மாற்றுவது நிலைத்தளத்தில் ஓர் உரைக்கோப்பில் பத்து இலக்கங்களை மாற்றும் வேலை.

இதில் உண்மையான ஒரு குறை மறைந்திருக்கிறது. அந்தப் போன் எண் ஐந்து பக்கங்களின் அடியிலும் இருக்கும். நான்கில் மாற்றிவிட்டு ஒன்றை மறந்துவிடுவது நிலைத்தளங்களின் பழைய நோய். பல நிறுவனங்களின் தளங்களில் ஒரு பக்கத்தில் ஓர் எண்ணும் இன்னொரு பக்கத்தில் செயலிழந்த எண்ணும் இருப்பது இதனால்தான். இதைத் தீர்க்கவே 2008-ல் ஜெகிலும் 2013-ல் ஹியூகோவும் வந்தன. பொதுவான தலைப்பகுதி, அடிப்பகுதி, போன் எண் ஆகியவற்றை ஒரே இடத்தில் எழுதி, பக்கங்களின் உரையைத் தனியே வைத்து ஒரு கட்டளை கொடுத்தால், அவை எல்லாவற்றையும் கோத்து முடிந்த கோப்புகளாகத் தந்துவிடும். தரவுத்தளத் தளம் செய்யும் அதே கோக்கும் வேலைதான் இதுவும். நடப்பது திருத்துபவரின் கணினியில், திருத்தும் அன்று ஒரு முறை. முடிந்தபின் அந்த நிரலைச் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பொருள்களின் பட்டியல் எக்செல் தாளில் இருந்தால் அதிலிருந்துகூடப் பக்கங்களைச் செய்துகொள்ளலாம். தரவுத்தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை வாசகருக்கும் பக்கத்துக்கும் நடுவில் நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

வேர்ட்பிரஸிலேயே கேச் பிளகின் போட்டால் செய்த பக்கத்தைச் சேமித்து வைத்து அதையே எல்லோருக்கும் தருமே என்று நிரலர்கள் சொல்வார்கள். சரிதான், வேகத்தில் அது நிலைத்தளத்துக்கு நெருங்கிவிடும். ஆனால் அந்தப் பிளகின் செய்வது பக்கத்தை ஒரு கோப்பாக மாற்றி வைப்பதுதான். கோப்பே போதும் என்று ஒப்புக்கொண்டபின், பின்னால் நிற்கும் பிஎச்பி, தரவுத்தளம், நுழைவாயில் ஆகிய மூன்றையும் தொடர்ந்து காத்துக்கொண்டிருக்க என்ன அவசியம்? புதுப்பிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இன்னொரு பிளகின் சேர்ந்ததுதான் மிச்சம்.

விசாரணைப் படிவம் வேண்டும் என்பதும் அடிக்கடி வரும் வாதம். பெயர், ஊர், தேவை என்று நிரப்பி அனுப்பினால் அதைப் பெற்றுக்கொள்ள ஒரு நிரல் வேண்டும், கோப்புகளால் அது முடியாது என்பது உண்மை. அதற்கென்று மட்டும் ஒரு படிவச் சேவையை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் கொங்கு நாட்டில் கிரைண்டர் வாங்குபவர் படிவம் நிரப்பிவிட்டு மின்னஞ்சலுக்குக் காத்திருப்பதைவிடப் போன் செய்வார், அல்லது வாட்ஸ்அப்பில் கேட்பார். அதற்கு இரண்டு வரிகள் போதும்:

```
<a href="tel:+91XXXXXXXXXX">அழைக்க</a>
<a href="https://wa.me/91XXXXXXXXXX">வாட்ஸ்அப்பில் கேட்க</a>
```

நாளை ஆன்லைனில் விற்கத் தொடங்கினால் என்ன செய்வது? அன்று இருப்பு எத்தனை, யார் பணம் கட்டினார் என்ற கேள்விகள் எழும், முன்பு சொன்ன சோதனைக்கு விடை ஆம் என்று மாறும். அப்போது `shop` என்ற துணைமுகவரியில் கடைக்கான மென்பொருளைத் தனியே நிறுவலாம், அல்லது ஏற்கெனவே உள்ள விற்பனைத் தளங்களில் சேரலாம். விளக்கப் பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்குப் போவது ஐந்து பக்கங்களை ஒட்டும் அரைநாள் வேலை. தீம், பிளகின், குறுங்குறியீடுகள் என்று பின்னிப்போன வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து வெளியே வருவது அதைவிடப் பெரிய வேலை. நாளைக்கு வேண்டியிருக்கலாம் என்பதற்காக இன்றே அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

நிலைத்தளம் தீர்க்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முகப்பில் கைபேசியில் எடுத்த நான்கு எம்பி படங்களை எட்டு வைத்தால், தளம் எந்த வகையாக இருந்தாலும் வாசகர் முப்பத்திரண்டு எம்பியை இறக்கியாக வேண்டும். எழுத்து முழுவதும் சேர்ந்து சில கிலோபைட்தான், எடை எல்லாம் படங்களில். படத்தைத் திரையில் தெரியும் அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்தால் ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது கேபிக்குள் அடங்கும். தரவுத்தளத்தின் மேல் பழிபோடப்படும் பல தளங்களின் மந்தத்துக்குக் காரணம் இந்தப் படங்களே.

எனவே கொட்டேஷன் தாள் கைக்கு வந்தால், ஆண்டுக்கு எத்தனை முறை திருத்துவோம், பார்வையாளரின் செயலால் ஏதாவது மாற வேண்டுமா என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். திருத்தம் அபூர்வம், மாற வேண்டியது எதுவும் இல்லை என்றால் நிலைத்தளத்தையே கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல படங்கள் எடுங்கள். தளத்தின் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்த அன்றே எல்லாக் கோப்புகளையும் ஒரு ஜிப் கோப்பாக வாங்கி, அதைப் பிரித்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, `index.html` உங்கள் கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.